அட்டவணை தராத ஆண்டறிக்கை: பட்டையை அளந்து எண்ணை எடுப்பது

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலை. கூலி உயர்வுப் பேச்சுவார்த்தைக்கு இரண்டு நாள் இருக்கும்போது சங்கத்தின் செயலாளர் என் போனுக்கு இரண்டு படங்களை அனுப்பினார். ஆலையின் பங்கு கொஞ்சம் வைத்திருந்த ஒருவரிடம் அச்சடித்த ஆண்டறிக்கை இருந்திருக்கிறது. அதை மேசையில் விரித்து, நின்றபடியே செல்போனில் எடுத்த படங்கள். ஒன்றில் ஐந்து ஆண்டு விற்பனை வருவாய், பட்டை வரைபடமாக. இன்னொன்றில் வருவாயில் தொழிலாளர் செலவு எத்தனை சதவீதம் என்று காட்டும் கோட்டு வரைபடம். பட்டைகளின் தலையில் எண் எதுவும் இல்லை. கீழே அட்டவணையும் இல்லை. இடப்பக்கம் கோடி ரூபாயில் 0, 100, 200 என்று 500 வரை போகும் அச்சு மட்டும்தான்.

“ஏனுங்க, நடுவுல இருக்குற பட்டை 250-ன்னு போட்டுக்கலாமுங்களா?” என்று கேட்டார். கண்ணால் பார்த்தால் எனக்கும் 250-க்குச் சற்று மேலே என்றுதான் தோன்றியது. ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் எதிரே உட்காருகிறவர் கையில் உண்மையான எண் இருக்கும். நாம் சொல்லும் எண் பத்து கோடி தள்ளியிருந்தால் அதோடு மற்ற எல்லா வாதமும் படுத்துவிடும். அதனால் முதலில் அளந்துவிடலாம் என்றேன். அன்று மாலை செய்ததைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப்போகிறேன். படத்திலிருந்து எண் எடுப்பது குத்துமதிப்பு வேலை இல்லை. எவ்வளவு பிசகும் என்பதையும் சேர்த்தே சொல்லக்கூடிய ஓர் அளவை அது. அந்த அளவை சரிதானா என்று சோதிப்பதற்கான சாவியும் பெரும்பாலும் அதே ஆண்டறிக்கைக்குள்ளேயே இருக்கும்.

முதலில் படம்

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். எனக்கு வந்த படத்தில் 0 கோட்டுக்கும் 500 கோட்டுக்கும் இடையே சுமார் 600 பிக்சல்தான் இருந்தது. ஒரு பிக்சலுக்கு 83 லட்சம் ரூபாய். பட்டையின் விளிம்பும் மங்கிப்போய், எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாதபடி மூன்று நான்கு பிக்சலுக்குப் பரவிக் கிடந்தது. அதே படத்தை ஆவணமாக இணைத்து அனுப்பச் சொன்னேன். அப்படி அனுப்பினால் சுருக்காமல் அப்படியே வந்துசேரும். இரண்டாவது முறை வந்ததில் அதே இடைவெளி 1,200 பிக்சல். விளிம்புகள் கூர்மையாக இருந்தன. வேறு எந்தச் சாமர்த்தியமும் இந்த ஒரு காரியத்துக்கு ஈடாகாது. படத்தில் தொலைந்துபோன விவரத்தைப் பிறகு எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது.

அடுத்து நான் பார்த்தது பட்டைகளை அல்ல, அவற்றுக்குப் பின்னால் ஓடும் கிடைக்கோடுகளை. அச்சடித்த தாளில் இந்தக் கோடுகள் சம இடைவெளியில்தான் இருக்கும். படத்திலும் அப்படியே இருந்தால் கேமரா தாளுக்கு நேராக இருந்திருக்கிறது என்று பொருள். இல்லையென்றால் சாய்வாக எடுத்திருக்கிறார்கள். GIMP மாதிரி எந்தப் படச் செயலியில் திறந்தாலும், சுட்டியை ஒரு புள்ளியில் வைத்தால் அதன் பிக்சல் எண் கீழே ஓரத்தில் தெரியும். ஒவ்வொரு கோட்டின் நடுவிலும் சுட்டியை வைத்துக் குறித்துக்கொண்டேன். ஒரு சின்னக் குறிப்பு: படச் செயலிகள் பிக்சலை மேலிருந்து கீழாக எண்ணும். அதனால் பூஜ்யக் கோட்டின் எண்ணிலிருந்து ஒவ்வொன்றையும் கழித்து, உயரமாக மாற்றிக்கொள்வது வசதி.

0-க்கும் 100-க்கும் நடுவே 252 பிக்சல். 100-க்கும் 200-க்கும் 246. அதற்கு மேல் 240, 234, 228. மேலே போகப் போக இடைவெளி ஒரே சீராகக் குறைகிறது. நின்றுகொண்டு மேசைமேல் கிடந்த தாளை எடுத்திருக்கிறார், தாளின் மேற்பகுதி கேமராவிலிருந்து தூரம், அதனால் அங்கே எல்லாம் சிறுத்துவிட்டது. படத்தைப் பார்க்கும் கண்ணுக்கு இது உறைக்கவே உறைக்காது. எண்ணைப் பார்த்தால்தான் தெரியும்.

இதனால் என்ன கெடும்? பலரும் செய்வது, அடிக்கோட்டையும் உச்சிக்கோட்டையும் மட்டும் அளந்து, இடையிலுள்ளதை விகிதத்தில் பிரிப்பது. 500 கோடிக்கு 1,200 பிக்சல், ஆக இத்தனை பிக்சலுக்கு இத்தனை கோடி என்று. இந்தப் படத்தில் சரியாக 250 கோடிக்கு ஒரு பட்டை இருந்தால் அதன் தலை சுமார் 619-ஆவது பிக்சலில் இருக்கும். அதை விகிதத்தில் பிரித்தால் 258 கோடி வரும். எட்டு கோடி பிசகு. பட்டையை எவ்வளவு கவனமாக அளந்தாலும் இது போகாது, ஏனென்றால் பிசகு கையில் இல்லை, அளவுகோலில் இருக்கிறது.

படத்தை நிமிர்த்திக்கொள்ளலாம். வரைபடச் சட்டத்தின் நான்கு மூலைகளைக் காட்டினால் செயலி அதைச் செவ்வகமாக்கித் தரும். ஆனால் அதைவிட எளிய வழியே எனக்குப் பிடித்தது. பட்டையின் தலை எந்த இரண்டு கிடைக்கோடுகளுக்கு நடுவே விழுகிறதோ, அந்த இரண்டை மட்டும் அளவுகோலாகக் கொள்வது. நூறு கோடிக்குள்ளேயே கணக்கு முடிந்துவிடுவதால் சாய்வின் பாதிப்பு அரைக் கோடியைக்கூடத் தொடாது. சூத்திரம் இவ்வளவுதான்:

```
v = v1 + (h - h1) / (h2 - h1) * (v2 - v1)
```

`h` என்பது பட்டைத் தலையின் உயரம். `h1`, `h2` ஆகியவை கீழ்க்கோடு, மேல்கோடு ஆகியவற்றின் உயரங்கள். `v1`, `v2` அந்தக் கோடுகளுக்கு அச்சில் எழுதியிருக்கும் மதிப்புகள்.

புத்தகமாகத் தைத்த அறிக்கையில் இன்னொரு தொல்லை உண்டு. தையல் ஓரத்தில் தாள் வளைந்து உள்ளே இறங்கும். அங்கே அடிக்கோடே வில்லாக வளைந்திருக்கும். அந்த இடத்துப் பட்டைக்கு, இடது ஓரத்தில் அச்சருகே அளந்த கோட்டு உயரங்களைப் பயன்படுத்தக் கூடாது. அந்தப் பட்டையை ஒட்டியே, அதன் இரண்டு பக்கத்திலும் கிடைக்கோடு எங்கே ஓடுகிறது என்று பார்த்து, அதன் சராசரியை எடுக்க வேண்டும். பட்டைக்கு அடியும் அதன் சொந்த அடிதான். எங்கள் படத்தில் கடைசிப் பட்டை மட்டும் இப்படி ஐந்து பிக்சல் இறங்கியிருந்தது. ஐந்து பிக்சல் என்றால் இரண்டு கோடி.

ஐந்து பட்டைகள்

கிடைக்கோடுகளின் உயரங்கள் 0, 252, 498, 738, 972, 1,200. இனி பட்டைகள். 2020-21 ஆண்டுப் பட்டையின் தலை 612-இல் நின்றது. அது 200 கோடிக் கோட்டுக்கும் (498) 300 கோடிக் கோட்டுக்கும் (738) நடுவே. 612-இலிருந்து 498-ஐக் கழித்தால் 114. இடைவெளி 240. ஆக 0.475 பங்கு. வருவாய் 247.5 கோடி. முழு அச்சையும் விகிதத்தில் பிரித்திருந்தால் 255 என்று எழுதியிருப்போம்.

இதே முறையில் 2018-19-க்கு 320.5, 2019-20-க்கு 301.3, 2021-22-க்கு 439.5, 2022-23-க்கு 390.2 கோடி வந்தது. கொரோனா ஆண்டில் சரிவு, அடுத்த ஆண்டு நூல் விலை ஏறியபோது பெரிய தாவல், பிறகு இறக்கம். தொழிலில் இருப்பவருக்கு இந்த உருவம் பழக்கமானதுதான்.

எண்ணைக் குறித்ததும் தாளை மூடி வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து, முதல் எண்களைப் பார்க்காமல் மறுபடி எல்லாவற்றையும் அளந்தேன். இதை நான் எப்போதும் விடுவதில்லை. முதல் எண் கண்ணில் பட்டுவிட்டால் கை தானாக அங்கேயே போய் நிற்கும். இரண்டு முறைக்கும் இடையே ஒரு பட்டையில் ஒரு பிக்சல், இன்னொன்றில் மூன்று பிக்சல் வித்தியாசம் இருந்தது. இங்கே நூறு கோடிக்கு ஏறத்தாழ 240 பிக்சல். மூன்று பிக்சல் என்றால் ஒன்றேகால் கோடி. கிடைக்கோட்டின் நடுவைக் குறிப்பதிலும் கொஞ்சம் தடுமாற்றம் இருக்கும். எல்லாம் சேர்த்து ஒன்றரைக் கோடி கூடவோ குறையவோ இருக்கலாம் என்று முடிவு செய்தேன். அப்படியானால் 247.5 என்பதில் தசமப் புள்ளிக்குப் பின்னால் வருவதற்கு அதிக மரியாதை தரக்கூடாது. எழுதும்போது 246-க்கும் 249-க்கும் இடையே என்று எழுதுவதுதான் முறை. இடையில் கணக்குப் போடும்போது மட்டும் தசமத்தை வைத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் நமது கையின் தடுமாற்றம் பற்றிய கணக்கு. வரைபடமே சரியாக வரையப்பட்டதா என்பது வேறு கேள்வி. அதற்கான சோதனைதான் இந்த வேலையில் மிக முக்கியமான பகுதி.

சாவி லாப நட்டக் கணக்கில் இருக்கிறது

இந்தியாவில் 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி, லாப நட்டக் கணக்கில் நடப்பு ஆண்டுக்குப் பக்கத்திலேயே முந்தைய ஆண்டின் எண்ணையும் தர வேண்டும். பங்குச் சந்தையில் இல்லாத ஆலைக்கும் இதே விதிதான். ஆக, முன்பக்கத்தில் வண்ண வரைபடம் எண் இல்லாமல் இருந்தாலும், பின்பக்கத்தில் கருப்பு வெள்ளையில் கடைசி இரண்டு பட்டைகளின் மதிப்பு பைசா சுத்தமாக இருக்கும். ஐந்து பட்டையில் இரண்டுக்கு விடை தெரிந்துவிடுகிறது. மற்ற மூன்றை நம்பலாமா என்பதை அந்த இரண்டும் சொல்லிவிடும்.

செயலாளரிடம் அந்தப் பக்கத்தையும் எடுத்து அனுப்பச் சொன்னேன். அரை மணி நேரத்தில் வந்தது. எண்கள் லட்சத்தில் இருந்தன. வரைபடம் கோடியில். இதில் தடுக்கி விழுந்தவர்கள் நிறையப் பேர், அதனால் பக்கத்தின் வலது மேல்மூலையில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும் அலகை முதலில் படிக்க வேண்டும். செயல்பாட்டு வருவாய் 2022-23-இல் 39,146 லட்சம், அதாவது 391.46 கோடி. 2021-22-இல் 440.12 கோடி. நான் படித்தது 390.2, 439.5. ஒன்று 1.3 கோடி குறைவு, மற்றது 0.6 கோடி குறைவு. இரண்டும் நான் சொன்ன ஒன்றரைக் கோடிக்குள் அடங்கிவிட்டன. இரண்டும் ஒரே பக்கமாகக் குறைந்திருப்பதைக் கவனித்தேன். பட்டைத் தலையின் விளிம்பை நான் கொஞ்சம் உள்ளே தள்ளிக் குறித்திருக்கலாம். ஆனால் இரண்டே பட்டையை வைத்து மற்றவற்றை எல்லாம் ஒரு கோடி ஏற்றிவிடத் துணியவில்லை. வரம்பு அதைத் தாங்கிக்கொள்ளும்.

இன்னொரு சங்கதியும் இதில் தெளிந்தது. அதே பக்கத்தில் ‘மொத்த வருவாய்’ என்று இன்னொரு வரி இருந்தது. வட்டி, வாடகை போன்ற இதர வருமானத்தையும் சேர்த்தது. அது 397.90 கோடி. வரைபடத்தின் தலைப்பு வெறுமனே ‘வருவாய்’ என்றுதான் சொல்லியது. எது வரையப்பட்டிருக்கிறது? முழு அச்சையும் விகிதத்தில் பிரிக்கும் சோம்பேறி வழியில் கடைசிப் பட்டைக்கு 395.4 வந்திருக்கும். 391.46, 397.90 இரண்டுக்கும் நடுவில் அது திண்டாடும், எதையும் தீர்மானிக்க முடியாது. 390.2 என்று வந்ததால் செயல்பாட்டு வருவாய்தான் என்று தயக்கமில்லாமல் சொல்ல முடிந்தது. எண் மட்டும் இருந்தால் போதாது, அது எதன் எண் என்றும் தெரிய வேண்டும். துல்லியமாக அளந்தால் அந்தக் கேள்விக்கும் சேர்த்து விடை கிடைக்கிறது.

தெரிந்த இரண்டு பட்டைகளும் பொருந்தவில்லை என்றால்? அளந்ததில் தவறு என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். துணை நிறுவனங்கள் உள்ள கம்பெனி என்றால் தனிக் கணக்கு, ஒருங்கிணைந்த கணக்கு என இரண்டு இருக்கும். வரைபடம் ஒருங்கிணைந்ததைக் காட்டும், நாம் தனிக் கணக்கோடு ஒப்பிட்டுக்கொண்டிருப்போம். பத்து ஆண்டு வரைபடமாக இருந்தால் 2017 ஜூலை 1-ஆம் தேதியை மனதில் வைக்க வேண்டும். அதுவரை உற்பத்தி வரி கட்டிய பல நிறுவனங்களின் வருவாயில் அந்த வரியும் சேர்ந்திருந்தது. ஜிஎஸ்டி வந்த பிறகு வருவாயில் வரி சேராது. அந்த இடத்தில் பட்டை குட்டையானால் விற்பனை குறைந்தது என்று சொல்லிவிடக் கூடாது.

இவை எதுவும் இல்லாமலும் பொருந்தாவிட்டால், வரைபடம் அளவுப்படி வரையப்படவில்லை. ஆண்டறிக்கையை வடிவமைப்பவர் எக்செல் படத்தை அப்படியே ஒட்டமாட்டார், அழகுக்காக மறுபடி வரைவார். அப்போது கையால் நீட்டிக் குறுக்கியதும் உண்டு. தெரிந்த இரண்டு எண்களின் விகிதத்துக்கும் பட்டை உயரங்களின் விகிதத்துக்கும் சம்பந்தமே இல்லையென்றால் அந்தப் படத்தை மூடிவிட வேண்டியதுதான். அதிலிருந்து எந்த எண்ணையும் எடுக்கக்கூடாது.

முப்பரிமாணமாக, பெட்டி மாதிரி நிற்கும் பட்டைகளும் தனிச் சிக்கல். கிடைக்கோடுகள் பின்சுவரில் இருக்கும், பட்டையோ சுவரிலிருந்து தள்ளி முன்னால் நிற்கும். நேராகக் கோட்டோடு ஒப்பிட்டால் எக்செல்லின் வழக்கமான கோணத்தில் எப்போதும் குறைத்தே படிப்போம். அங்கே கிடைக்கோட்டை மறந்துவிட்டு, முன்முகத்தின் அடியிலிருந்து தலை வரை உள்ள நீளத்தை, மதிப்பு தெரிந்த பட்டையின் முன்முக நீளத்தோடு ஒப்பிடுவதுதான் வழி.

அச்சே இல்லாத வரைபடத்துக்கும் இதே வழி கைகொடுக்கும், ஆனால் ஓர் எச்சரிக்கையோடு. இரண்டு பட்டையின் மதிப்பு தெரிந்தால் ஒரு பிக்சலுக்கு எவ்வளவு என்பதும், அடிக்கோடு பூஜ்யமா இல்லையா என்பதும் இரண்டுமே கிடைத்துவிடும். வேறொரு படத்தில் 600 பிக்சல் உயரப் பட்டை 440 கோடி, 500 பிக்சல் பட்டை 391 கோடி என்று வைத்துக்கொள்வோம். நூறு பிக்சலுக்கு 49 கோடி. அப்படியானால் அடிக்கோட்டின் மதிப்பு 440-இலிருந்து 294-ஐக் கழித்து 146. அச்சை அநேகமாக 150-இல் தொடங்கியிருக்கிறார்கள். எச்சரிக்கை இதுதான்: தெரிந்த இரண்டு பட்டைகளும் ஒன்றுக்கொன்று நெருங்கிய உயரத்தில் இருந்தால், அளப்பதில் நேரும் இரண்டு மூன்று பிக்சல் பிசகு தூரத்தில் இருக்கும் குட்டைப் பட்டையில் பலமடங்காகும். இந்த உதாரணத்தில் 250 கோடிப் பக்கம் உள்ள ஒரு பட்டைக்கு ஆறு கோடி வரை தள்ளிப்போகலாம். அடுத்தடுத்த ஆண்டுகளின் வருவாய் பெரும்பாலும் நெருக்கமாகத்தான் இருக்கும் என்பதால் இது அரிதான சங்கடம் அல்ல.

கோடு பட்டையைவிடக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்

இரண்டாவது படத்தில் தொழிலாளர் செலவின் சதவீதம். அச்சு 6-இல் தொடங்கி 12-இல் முடிந்தது. ஒரு சதவீதப் புள்ளிக்கு 80 பிக்சல். கோடு 9 பிக்சல் தடிமன். கோட்டின் மேல் விளிம்பைப் படிப்பவருக்கும் கீழ் விளிம்பைப் படிப்பவருக்கும் இடையே 0.11 வித்தியாசம் வந்துவிடும். அதனால் இரண்டு விளிம்பையும் குறித்து நடுவை எடுக்க வேண்டும். பட்டைக்கு இந்தத் தொல்லை இல்லை, அதற்கு ஒரே தலைதான்.

அடுத்த கேள்வி, கோட்டில் எந்த இடத்தைப் படிப்பது? இந்தக் கோட்டில் புள்ளிக் குறிகள் இல்லை. வழவழப்பாக வளைந்து ஓடியது. எக்செல்லின் வழக்கமான கோட்டு வரைபடத்தில், கீழே அச்சில் இருக்கும் சின்னக் குத்துக்கோடுகள் ஆண்டுகளைப் பிரிக்கும் வேலிகள். தரவுப் புள்ளி இரண்டு வேலிக்கு நடுவே, ஆண்டின் பெயருக்கு நேர் மேலே இருக்கும். குத்துக்கோட்டுக்கு நேராகப் படித்தால் இரண்டு ஆண்டுகளுக்கு இடைப்பட்ட, இல்லவே இல்லாத ஒரு மதிப்பைத்தான் படிப்போம். படம் சாய்ந்திருந்தால் ‘நேர் மேலே’ என்பதும் சாய்ந்திருக்கும் என்பதால் வரைபடச் சட்டத்தின் பக்கக்கோட்டுக்கு இணையாக ஒரு கோடு இழுத்துக்கொண்டேன்.

வழவழப்பாக்கிய கோடு இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். அது தரவுப் புள்ளிகள் வழியாகத்தான் போகும், ஆனால் புள்ளிகளுக்கு நடுவே சற்று மீறி எழும்பும் அல்லது தாழும். எங்கள் படத்தில் கோட்டின் உச்சி 2020-21-க்கு நேர் மேலே இல்லை, கொஞ்சம் இடப்புறம் இருந்தது. உச்சியைப் படித்தால் 10.5 வரும். பெயருக்கு நேராகப் படித்தால் 10.4. சின்ன வித்தியாசம்தான், ஆனால் உச்சிதான் அந்த ஆண்டின் மதிப்பு என்று நினைப்பது எல்லாருக்கும் இயல்பாக வரும் தவறு.

இப்படிப் படித்ததில் ஐந்து ஆண்டுகளுக்கும் முறையே 8.9, 9.3, 10.4, 7.2, 8.6 சதவீதம் வந்தது. பிசகு 0.1 என்று வைத்துக்கொண்டேன். இங்கேயும் சோதித்துப் பார்க்க வழி இருந்தது. லாப நட்டக் கணக்கில் ‘பணியாளர் நலச் செலவு’ என்ற வரியில் 2022-23-க்கு 33.52 கோடி, முந்தைய ஆண்டுக்கு 31.60 கோடி. செயல்பாட்டு வருவாயால் வகுத்தால் 8.56, 7.18. நான் படித்ததோடு ஒட்டிக்கொண்டது. மொத்த வருவாயால் வகுத்தால் 2022-23-க்கு 8.42 வரும், அது பிசகின் எல்லையைத் தாண்டுகிறது. ஆக எதை எதால் வகுத்து இந்தக் கோட்டை வரைந்தார்கள் என்பதும் உறுதியானது.

இனி இரண்டு படத்தையும் பெருக்கலாம். 2019-20-இல் வருவாய் 301.3 கோடி, சதவீதம் 9.3. தொழிலாளர் செலவு 28.0 கோடி. 2020-21-இல் 247.5 கோடி, 10.4 சதவீதம். 25.7 கோடி.

இந்த இடத்தில் செயலாளர் என்னை நிறுத்தினார். “அப்போ அந்தக் கோடு ஏறுதுங்களே, செலவு இறங்கியிருக்குதா?” ஆமாம். நிர்வாகம் முந்தைய சுற்றுப் பேச்சில் காட்டியது அந்தக் கோட்டைத்தான். 9.3-இலிருந்து 10.4-க்கு ஏறுகிறது, அச்சு 6-இல் தொடங்குவதால் ஏற்றம் இன்னும் செங்குத்தாகத் தெரிகிறது, தொழிலாளர் செலவு கட்டுக்கடங்காமல் போகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். கோடு பொய் சொல்லவில்லை. விகிதம் ஏறியது உண்மை. வகுக்கும் எண்ணான வருவாய் அதிகமாக விழுந்ததால் ஏறியது. ரூபாயில் பார்த்தால் செலவு இறங்கியிருக்கிறது.

ஆனால் 28.0-க்கும் 25.7-க்கும் உள்ள வித்தியாசம் உண்மையானதா, அல்லது நமது அளவைப் பிசகுக்குள் கரைந்துவிடுமா? இதைக் கேட்காமல் அந்த வாதத்தை மேசைக்குக் கொண்டுபோகக் கூடாது. வருவாயில் பிசகு ஒன்றரைக் கோடி, அதாவது 0.6 சதவீதம் அல்லது அதற்கும் குறைவு. விகிதத்தில் பிசகு 10.4-க்கு 0.1, அதாவது ஒரு சதவீதம். பெருக்கும்போது இந்த இரண்டும் சேரும். இரண்டும் ஒரே பக்கமாகவே பிசகும் என்று கட்டாயம் இல்லாததால் நேராகக் கூட்டாமல், ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுப்பார்கள். ஏறத்தாழ 1.2 சதவீதம் வரும். 25.7 கோடிக்கு அது 30 லட்சம். 28.0-க்கும் ஏறக்குறைய அவ்வளவே. இரண்டையும் கழித்து வரும் 2.3 கோடியில் பிசகு சுமார் 40 லட்சத்திலிருந்து 45 லட்சம். பிசகைப்போல ஐந்து மடங்கு பெரிய வித்தியாசம். ஆக இறக்கம் நிஜம். இறங்கியது இரண்டு கோடியா, இரண்டரைக் கோடியா என்பதில்தான் நமக்குச் சந்தேகம், இறங்கியதா என்பதில் இல்லை.

2018-19-க்கும் 2019-20-க்கும் அப்படிச் சொல்ல முடியவில்லை. 28.5, 28.0 என்று வந்தது. அரைக் கோடி வித்தியாசம், பிசகும் கிட்டத்தட்ட அவ்வளவே. அந்த ஆண்டு செலவு குறைந்தது என்று எழுத செயலாளருக்கு ஆசை இருந்தது. ஏறக்குறைய அதே அளவில் நின்றது என்பதற்கு மேல் ஒன்றும் எழுதக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன். படத்திலிருந்து எடுத்த எண்களை ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கும்போதும், அதிலிருந்து வளர்ச்சி விகிதம் போடும்போதும்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். தனித்தனியாக நன்றாக இருந்த இரண்டு எண்கள், கழித்ததும் வெறும் பிசகாகிவிடும். அடுக்குப் பட்டையில், அதாவது ஒரே பட்டைக்குள் நூல், துணி, கழிவுப் பஞ்சு என்று வண்ணம் பிரித்துக் காட்டுவதில், இதே ஆபத்து உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. நடு அடுக்கின் மதிப்பு என்பதே இரண்டு விளிம்புகளின் கழித்தல். மெல்லிய அடுக்காக இருந்தால் அதன் எண்ணைச் சொல்லாமல் விடுவது நல்லது.

சரியான எண் கிடைக்கும் வழி இருந்தால் இந்த வேலையே தேவையில்லை என்பதையும் அவரிடம் சொன்னேன். ஒவ்வோர் ஆண்டறிக்கையிலும் இரண்டு ஆண்டுக் கணக்கு இருப்பதால், 2020-21-க்கும் 2018-19-க்கும் உரிய பழைய அறிக்கைகள் இரண்டு கிடைத்தாலே ஐந்து ஆண்டும் நிறைந்துவிடும். கார்ப்பரேட் விவகார அமைச்சகத்தின் தளத்தில், நிறுவனங்கள் தாக்கல் செய்த நிதி அறிக்கைகளைக் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். AOC-4 என்ற படிவத்தோடு அவை இணைந்திருக்கும். எங்களுக்கு அன்று அதற்கு நேரம் இல்லை. அதற்கான விண்ணப்ப வேலையைச் சங்கத்துப் பையன் ஒருவர் அன்றிரவே தொடங்கினார்.

பேச்சுவார்த்தை நாளன்று மேசைக்குப் போன தாளில் ஐந்து வரிகள் இருந்தன. கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு நேரே ‘லாப நட்டக் கணக்கின்படி’ என்று எழுதி, எண்ணை அப்படியே போட்டிருந்தோம். முதல் மூன்றுக்கு நேரே ‘ஆண்டறிக்கை வரைபடத்திலிருந்து அளந்தது’ என்று எழுதி, ஒற்றை எண்ணாக இல்லாமல் வரம்பாக: 2018-19-க்கு 28.1 முதல் 28.9 கோடி வரை, 2019-20-க்கு 27.7 முதல் 28.4 வரை, 2020-21-க்கு 25.4 முதல் 26.1 வரை. அடியில் ஒரு வரி: உங்களிடம் உள்ள சரியான எண் இந்த வரம்புக்கு வெளியே இருந்தால் தயவுசெய்து காட்டுங்கள், திருத்திக்கொள்கிறோம்.